அடித்தல் திருத்தலோடு

எங்களிடம் விடைத்தாள் படமாகத்தான் வந்து சேரும். தேர்வு மையத்தில் கட்டிய கட்டு வேறோர் இடத்தில் பிரிக்கப்பட்டு, பதிவெண் உள்ள முகப்புப் பகுதி கிழித்தெடுக்கப்பட்டு, டம்மி எண் ஒட்டப்பட்டு, பக்கம் பக்கமாக ஸ்கேன் ஆகியிருக்கும். குறுவிடைகளை மதிப்பீட்டாளர்கள் அந்தப் படத்தைப் பார்த்தே திரையில் திருத்திவிடுகிறார்கள். நீள்விடைகள் மட்டும் தட்டச்சுக்கு வரும். கையெழுத்து நன்றாக இருந்ததால் இரண்டு மதிப்பெண் கூடவும் கூடாது, கிறுக்கலாக இருந்ததால் குறையவும் கூடாது. ஒரே விடையை இருவர் தனித்தனியே திருத்தும்போது இருவரும் ஒரே எழுத்தைத்தான் படித்திருக்க வேண்டும். தட்டச்சுப் பிரதி அதற்காகத்தான்.

இந்த வேலைக்குப் பயிலுநராகச் சேரும்போதே எனக்கு வேகமாக அடிக்கத் தெரியும். தமிழ்99 விசைப்பலகையில் கை தானாக ஓடும். அடித்தல் திருத்தல் இல்லாத பக்கத்தைக் கொடுத்தால் முடித்துவிட்டு நிமிர்ந்துவிடலாம். ஆனால் மூன்று மணி நேரத் தேர்வில், எதிரே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, ஒரு மாணவர் எழுதுகிற பக்கம் அப்படி இருக்காது. ஒரு சொல்லை அடித்து மேலே வேறு சொல் எழுதியிருப்பார். இரண்டு வரியை அடித்துவிட்டு அதையே கொஞ்சம் மாற்றிக் கீழே எழுதியிருப்பார். விட்டுப்போன வாக்கியத்தை ஓரத்தில் எழுதி அம்புக்குறி இழுத்திருப்பார். சில சமயம் அரைப்பக்கத்தையே பெரிய பெருக்கல் குறி போட்டு அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருப்பார். நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததெல்லாம் இந்த இடங்களைத்தான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அச்சகங்களில் பிழைதிருத்துநராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்த ஓர் அக்கா. அவர் முதலில் சொன்னது இதுதான்: “தம்பி, பிள்ளை என்ன நினைச்சு எழுதுச்சுன்னு நமக்கு வேண்டாம். அந்தத் தாள்ல என்ன செஞ்சிருக்குன்னு மட்டும் பாருங்க. எழுதியிருக்கா, அடிச்சிருக்கா, மேல எழுதியிருக்கா, திரும்ப வேணும்னு சொல்லியிருக்கா. அதை அப்படியே திரைக்குக் கொண்டுபோறதுதான் நம்ம வேலை.”

அடித்ததை எதற்குத் தட்டச்சு செய்ய வேண்டும், மாணவரே வேண்டாம் என்றுதானே அடித்தார் என்று நான் கேட்டேன். புதிதாகச் சேருகிற எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். அக்கா அதற்கு இரண்டு தேர்வு அமைப்புகளின் விதிகளைச் சொல்லி விளக்கினார். பிரிட்டனின் பியர்சன் எடெக்செல் தன் மதிப்பீட்டாளர்களுக்குத் தருகிற பொது அறிவுரைப்படி, அடித்த விடையையும் திருத்தத்தான் வேண்டும். அதற்குப் பதிலாக மாணவர் வேறு விடை எழுதியிருந்தால் மட்டும் அடித்ததை விட்டுவிடலாம். ஐ.பி. கணிதத் தேர்வின் மதிப்பீட்டுக் குறிப்புகளில் விதி நேர் எதிர். அடித்ததற்கு மதிப்பெண் கிடையாது. இதையும் திருத்துங்கள் என்று மாணவரே வெளிப்படையாக எழுதிவைத்திருந்தால் ஒழிய.

ஒரே பக்கம், ஒரே கோடு. ஓர் அமைப்பில் அதற்கு மதிப்பெண் உண்டு, இன்னொன்றில் இல்லை. எந்த விதி பொருந்தும் என்று தெரிந்து செயல்பட வேண்டியவர் மதிப்பீட்டாளர். தட்டச்சு செய்கிறவர் அடித்த பகுதியை விட்டுவிட்டால், மதிப்பீட்டாளருக்கு முன்பாகவே விதியைத் தன் கையால் முடிவு செய்துவிட்டார் என்று ஆகிறது. அடித்த கோடு தெரியாமல் அந்தப் பகுதியை வெறுமனே தட்டச்சு செய்து கொடுத்தாலும் அதே தவறுதான். மாணவர் ஓரத்தில் கிறுக்கிய ‘இதையும் பார்க்கவும்’ என்ற இரண்டு சொல் எவ்வளவு முக்கியம் என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதுவரை ஓரக்குறிப்புகளை விடையின் பகுதியாகவே நான் நினைத்ததில்லை.

தட்டச்சுப் பிரதி கையெழுத்தின் பாரபட்சத்தை நீக்கிவிடும் என்று நம்பித்தான் இந்த வேலையே நடக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அமெரிக்காவில் தேர்வுகள் நடத்தும் இ.டி.எஸ். நிறுவனத்தில் டொனால்ட் பவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கையால் எழுதிய கட்டுரைகளைத் தட்டச்சு செய்தும், தட்டச்சில் எழுதியவற்றைக் கையால் எழுதியும் மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கையெழுத்திலிருந்து தட்டச்சுக்கு மாறிய கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைந்தது. சொற்கள் மாறவில்லை, தோற்றம் மட்டும்தான் மாறியது. அச்சு வடிவத்தில் கட்டுரை நீளம் குறைந்து தெரிகிறது. பிழைகள் கண்ணில் குத்துகின்றன. படிக்கிறவர் இது முடித்துத் துடைத்து வைத்த எழுத்து என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார். அடித்தல் திருத்தலைத் தட்டச்சுப் பிரதியில் காட்டுவதற்கு என் மனத்தில் இதுவும் ஒரு காரணம். மேலே எழுதிய சொல்லும் கோடு விழுந்த சொல்லும் திரையில் தெரியும்போது, இது அவசரத்தில் ஒரே அமர்வில் எழுதப்பட்டது என்பது படிக்கிறவருக்கு மறக்காது. பாதிப்பு முழுதும் நீங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் துடைத்துக் கொடுத்தால் நிச்சயம் கூடும்.

நாங்கள் பயன்படுத்தும் குறிகள் நாங்களே கண்டுபிடித்தவை அல்ல. பழைய கையெழுத்துப் பிரதிகளைக் கணினிக்குக் கொண்டுவருகிற அறிஞர்கள் 1987-இல் தொடங்கிய டி.இ.ஐ. என்ற முயற்சியில் உருவான டேக்குகள்தான். எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளைப் பதிப்பிக்க ஆனது பள்ளி மாணவரின் விடைத்தாளுக்கும் ஆகிறது; இருவரும் எழுதுகிறார்கள், அடிக்கிறார்கள், மேலே சேர்க்கிறார்கள். அடித்ததற்கு `del`, சேர்த்ததற்கு `add`, ஒன்றை அடித்து அதன் இடத்தில் இன்னொன்றை எழுதினால் இரண்டையும் சேர்த்துக் கட்ட `subst`. மதிப்பீட்டாளர் இந்த டேக்குகளைப் பார்ப்பதில்லை. அவர் திரையில் அடித்த சொல் கோடு விழுந்து தெரியும், மேலே சேர்த்தது சற்று உயர்ந்து தெரியும். ‘கிளர்ச்சி’ என்று எழுதி அடித்துவிட்டு மேலே ‘புரட்சி’ என்று மாற்றிய மாணவரின் வரி கோப்பில் இப்படி இருக்கும்:

```xml
வேலூர் <subst><del>கிளர்ச்சி</del>
<add place="above">புரட்சி</add></subst>
```

டேக்குகளைக் கற்பது எளிது. அடித்த கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று படிப்பதுதான் கடினம். இங்கே தமிழ் எழுத்தின் அமைப்பு கைகொடுக்கிறது. மாணவர்கள் கோட்டை எழுத்தின் நடுவே இழுக்கிறார்கள். மெய்யின் புள்ளியும், இகர ஈகாரச் சுழிகளும் தலைக்கு மேலே இருப்பதால் கோட்டுக்குத் தப்பிவிடுகின்றன. உகர ஊகார வளைவுகள் கீழே தொங்குவதால் அவையும் தப்பிவிடுகின்றன. எனவே நடுவில் எவ்வளவு மை அப்பியிருந்தாலும் சொல்லின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் தனித்தனியே பார்க்க அக்கா பழக்கினார்.

அந்த ‘கிளர்ச்சி’யையே எடுத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு முறை கோடு போட்டு அடித்திருந்தது. படத்தைப் பெரிதாக்கி மேல்விளிம்பை மட்டும் பார்த்தோம். முதல் எழுத்தின் மேலே ஒரு சுழி. மூன்றாவதன் மேலும் நான்காவதன் மேலும் ஒவ்வொரு புள்ளி. கடைசி எழுத்தின் மேலே மறுபடி சுழி. கீழ்விளிம்பில் உகர வளைவு எதுவும் இல்லை. முதலில் நான் அதை ‘புரட்சி’ என்று நினைத்தேன், மாணவர் அழகாக எழுத வேண்டி மறுபடி எழுதியிருப்பார் என்று. ‘புரட்சி’ என்றால் முதலெழுத்தின் கீழே வளைவு வந்திருக்க வேண்டும். புள்ளி ஒன்றுதான் இருக்க வேண்டும். ‘கலகம்’ என்றால் கடைசியில் ஒரு புள்ளி மட்டும். சுழி, இடைவெளி, புள்ளி, புள்ளி, சுழி என்று வருவது ‘கிளர்ச்சி’. அக்கா அதோடு விடவில்லை. அதே மாணவர் வேறு பக்கத்தில் ‘கிளர்ச்சியாளர்கள்’ என்று எழுதியிருந்த இடத்தைத் தேடி எடுத்து, சுழியின் சாய்வும் ககரத்தின் கொக்கியும் ஒத்துப்போகின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒத்துப்போயின. பிறகுதான் `del`-க்குள் அந்தச் சொல் ஏறியது.

விளிம்புகள் பொருந்துகின்றன, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அதே கையில் வேறு இடம் இல்லை என்றால் அது `unclear`. விளிம்பும் தெரியாமல் கருப்பாக மை பூசியிருந்தால் `gap`. எத்தனை எழுத்து இருக்கலாம் என்பதை மட்டும் எழுதுவோம், சொல்லை ஊகிக்கமாட்டோம். இந்த மூன்றுக்கும் இடையில் எங்கே கோடு கிழிப்பது என்பதில்தான் எனக்கும் அக்காவுக்கும் நிறைய வாக்குவாதம் நடந்திருக்கிறது. பாடம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஆபத்து அதிகம். இந்த இடத்தில் என்ன சொல் வர வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கண் அந்தச் சொல்லையே பார்க்கத் தொடங்கிவிடும். அதனால்தான் அக்கா, முதலில் விளிம்புகளைத் தாளில் குறித்துக்கொள்ளச் சொன்னார். சுழி எங்கே, புள்ளி எங்கே, வளைவு எங்கே என்று எழுதி முடித்த பிறகே வாக்கியத்தைப் படிக்க வேண்டும்.

கோடு என்று தெரிவதெல்லாம் அடித்தல் அல்ல என்பதும் கண்ணுக்குப் பழக வேண்டும். மெல்லிய தாளில் பின்பக்கத்து மை முன்பக்கம் தெரியும். பின்னால் தலைப்புக்கு அடிக்கோடு இட்டிருந்தால் முன்னால் அது ஏதோ ஒரு வரியை அடித்த கோடாகக் காட்சி தரும். சந்தேகம் வந்தால் பின்பக்கப் படத்தை எடுத்து இடவலமாகப் புரட்டிப் பார்ப்போம். அங்கே அதே இடத்தில் கோடு இருந்தால் விஷயம் முடிந்தது. இன்னொன்று, அடிக்கோட்டைக் கொஞ்சம் மேலே தூக்கிப் போடுகிற மாணவர்கள். ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்க்கோடு, எல்லாத் தலைப்பிலும் அதே உயரத்தில் எழுத்தின் காலை வெட்டிக்கொண்டு போகிறது என்றால் அது அடிக்கோடுதான். அடிக்கிற கை ஸ்கேலைத் தேடாது.

ஸ்கேனும் குழப்பும். கோப்பைச் சிறிதாக்க வேண்டி வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தால், சொல்லின் மையும் அடித்த கோட்டின் மையும் ஒரே கறுப்பாகிவிடும். எது முதலில் வந்தது, எது மேலே போனது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் எடுத்த படத்தில், அடித்த கோடு வேறு அழுத்தத்தில், சில சமயம் வேறு பேனாவில் இருப்பது தெரியும். இதைவிட மோசமானது, தூசியை நீக்குவதாகச் சொல்லி ஸ்கேனர் மென்பொருள் செய்கிற சுத்திகரிப்பு. சின்னஞ்சிறு கறுப்புப் பொட்டுகளை அது தூசி என்று அழித்துவிடும். ஆங்கிலத்துக்கு ‘ஐ’ எழுத்தின் தலைப்பொட்டு போனாலும் சொல் நிற்கும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி போய்விடுகிறது. ஒரு பக்கம் முழுவதும் ஒருவர் புள்ளியே வைக்கவில்லை என்று தெரிந்தால், அவர் புள்ளி வைக்காதவரா அல்லது ஸ்கேனர் துடைத்ததா என்று கேட்டு, சுத்திகரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும். சில மாணவர்கள் உண்மையிலேயே புள்ளியை விட்டுவிடுகிறார்கள்; வேகம் கூடும் கடைசிப் பக்கங்களில் இது அதிகம். ஆனால் அவர்களிடமும் அங்கங்கே சில புள்ளிகள் இருக்கும். ஒன்றுகூட இல்லாத பக்கம்தான் சந்தேகத்துக்குரியது.

புள்ளி விஷயத்தில் எங்கள் விசைப்பலகையே எதிரியாக நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தமிழ்99-இல் ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் முன்னதற்குத் தானாகப் புள்ளி விழும். நகரத்தை அடுத்துத் தகரம், ணகரத்தை அடுத்து டகரம், மகரத்தை அடுத்துப் பகரம் என்று இன எழுத்துகள் வந்தாலும் அப்படியே. அன்றாடத் தட்டச்சுக்கு இது பெரிய வரம். ஆனால் மாணவர் ‘வநதார்’ என்று புள்ளி இல்லாமல் எழுதியிருக்கும்போது நம் விரல் ந, த என்று அழுத்திய உடனே திரையில் ‘வந்தார்’ என்று நிற்கிறது. மொழிப்பாடத் தேர்வில் பிழைக்கு மதிப்பெண் குறையும் என்றால், நாம் யாரும் சொல்லாமலே ஒரு பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டோம். இன்னொரு மாணவரின் விடையை, வேறு விசைப்பலகையில் அடிக்கிற பக்கத்து இருக்கைக்காரர் உள்ளபடியே அடித்திருப்பார். அந்த மாணவருக்கு மட்டும் மதிப்பெண் போகும். புள்ளி விழாமல் தடுக்க, முதல் மெய்க்கும் அடுத்ததற்கும் இடையில் அகர விசையை ஒருமுறை தட்ட வேண்டும். இந்த ஒரு தட்டலைக் கைக்குப் பழக்குவது, புதிதாக ஒரு விசைப்பலகையைக் கற்பதைவிட எனக்குச் சிரமமாக இருந்தது. சொல் பரிந்துரை, பிழைதிருத்தி எல்லாவற்றையும் அணைத்து வைப்பது சொல்லாமலே விளங்கும்.

டி.இ.ஐ. டேக்குகளில் `sic` என்று ஒன்று உண்டு. மூலத்தில் பிழை இருக்கிறது, நான் தவறாக அடிக்கவில்லை என்று பதிப்பாசிரியர் சொல்வதற்கு. எங்கள் வேலையில் அதற்கு அனுமதி இல்லை, அது சரியென்றே எனக்கும் படுகிறது. பிழையைச் சுட்டிக்காட்டுவதும் ஒரு மதிப்பீடுதான். மதிப்பீட்டாளர் கவனிக்காமல் கடந்து போயிருக்கக்கூடிய பிழையை நாம் விரல் நீட்டிக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு விடையையும் இருவர் தனித்தனியே தட்டச்சு செய்வோம். இரண்டு கோப்பையும் கணினி ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் நிறம் காட்டும். மூன்றாமவர் படத்தைப் பார்த்துத் தீர்ப்பார். இதில் ஒரு சின்ன விஷயத்தை முதலிலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். ‘கொ’ என்பதை ஒருவருடைய மென்பொருள் ஒகரக் குறியாக ஒரே குறியீட்டில் வைக்கும். இன்னொருவருடையது ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீட்டில் வைக்கும். கண்ணுக்கு ஒன்றே, ஒப்பிடும் நிரலுக்கு வேறு. ஒப்பிடுமுன் இரண்டு கோப்பையும் என்.எஃப்.சி. என்ற ஒருங்கிணைந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தப் போலி வேறுபாடுகள் மறைந்துவிடும். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டு அடித்தது மட்டும் இதில் சரியாகாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து என்பதால் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இவற்றைக் கழித்த பிறகு எஞ்சும் வேறுபாடுகள் பெரும்பாலும் அடித்தல் திருத்தல் இருக்கும் இடங்களில்தான் குவிந்திருக்கும்.

அப்படி ஒரு வேறுபாட்டை அக்கா பயிற்சிக்காக எங்கள் முன் வைத்தார். வேலூர்ப் புரட்சி பற்றிய விடை. ‘இப்புரட்சி 1806 ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று நடைபெற்றது’ என்று மாணவர் முதலில் எழுதியிருக்கிறார். பிறகு 1806-ஐ அடித்து மேலே 1857 என்று எழுதியிருக்கிறார். பிறகு அந்த 1857-ஐயும் அடித்திருக்கிறார். ஒருவருடைய கோப்பில் 1806 என்று சாதாரணமாக இருந்தது, 1857 இல்லவே இல்லை. மற்றவருடையதில் இரண்டு ஆண்டுகளும் அடிபட்டு இருந்தன. முதல் கோப்பைப் படிக்கிற மதிப்பீட்டாளர் ஆண்டு சரி என்று மதிப்பெண் போடுவார். இரண்டாவதைப் படிக்கிறவர், வாக்கியத்தில் ஆண்டே இல்லை என்பார்.

முதல் கோப்பைத் தட்டச்சு செய்தவர், மாணவர் 1806-க்குத் திரும்பிவிட்டார் என்பது தெரிகிறதே என்றார். அக்கா கேட்டார்: “எங்க தெரியுது? தாள்ல காட்டுங்க.” அவரால் காட்ட முடியவில்லை. சரியான விடை 1806 என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பிறகு அக்கா அந்தப் பக்கத்தின் சுத்திகரிக்காத வண்ணப் படத்தைத் திறந்தார். அடித்த 1806-இன் அடியில் வரிசையாகச் சிறு பொட்டுகள் இருந்தன. அடித்ததை இருக்கட்டும் என்று சொல்வதற்கு அச்சுத் திருத்தத்தில் வைக்கிற அதே பொட்டுகள். அந்த மாணவருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். எங்களுக்கு வந்த படத்தில் ஸ்கேனர் அவற்றைத் தூசியென்று துடைத்திருந்தது. இப்போது `restore` என்ற டேக் போட ஆதாரம் கிடைத்துவிட்டது:

```xml
இப்புரட்சி <restore><del>1806</del></restore>
<del><add place="above">1857</add></del> ஆம் ஆண்டு
```

முதலாமவருடைய முடிவும் இதுவும் ஒன்றுதானே என்று தோன்றலாம். மதிப்பெண் ஒன்றாக இருக்கலாம். ஆனால் பொட்டுகள் இல்லாத இன்னொரு தாளில் இதே அடித்தல் வந்தால், அங்கே `restore` போட முடியாது. ஆண்டு இல்லாத வாக்கியமாகத்தான் அது மதிப்பீட்டாளரிடம் போகும். அந்த மாணவருக்கும் இந்த மாணவருக்கும் இடையில் நாம் செய்கிற வேறுபாடு தாளில் உள்ள பொட்டுகளால் வந்ததாக இருக்க வேண்டும், நம் வரலாற்று அறிவால் வந்ததாக இருக்கக் கூடாது. பொட்டுக்குப் பதில் அருகில் ‘சரி’ என்று எழுதியிருந்தாலும் போதும். வேறு எதுவும் இல்லாமல் வாக்கியப் பொருள் கேட்கிறது என்பதற்காக மட்டும் அடித்ததை எழுப்பி நிறுத்தக் கூடாது.

ஓர் எழுத்தின் மேலேயே இன்னோர் எழுத்தை எழுதுவது இதைவிட நுட்பமானது. ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கினால் ‘கொடு’ என்பது ‘கோடு’ ஆகிவிடும். இரண்டு சுழி னகரத்துக்கு ஒரு சுழி சேர்த்தால் ‘மனம்’ என்பது ‘மணம்’ ஆகிவிடும். இங்கே அடித்த கோடே கிடையாது. அழுத்தமாகத் தெரிகிற, பின்னால் எழுதிய வடிவத்தை `add` என்றும் கீழே தெரிகிறதை `del` என்றும் போடுவோம். எது பின்னால் வந்தது என்று மை சொல்லாதபோது இரண்டு வாசிப்பையும் குறித்து, ஐயப் பட்டியலில் பக்க எண்ணும் வரி எண்ணும் எழுதி அனுப்பிவிடுவோம். மதிப்பீட்டாளர் அந்த வரியின் படத்தைத் திறந்து தானே பார்த்துக்கொள்வார்.

நான் இதுவரை கையாண்டதில் மிகவும் யோசிக்க வைத்த பக்கமும் வேலூர்ப் புரட்சி பற்றியதுதான், வேறொரு மாணவருடையது. காரணங்களையும் விளைவுகளையும் விளக்கச் சொன்ன கேள்வி. முக்கால் பக்கம் எழுதியிருந்தார். புதிய தலைப்பாகையும் அதில் வைத்த தோல் பட்டையும், சமயக் குறிகளுக்கும் காதணிகளுக்கும் விதித்த தடை, தாடியை மழித்து மீசையைக் கத்தரிக்கச் சொன்ன ஆணை, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம் எல்லாம் வந்துவிட்டன. விளைவுகளில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி படையோடு வந்து அடக்கியது வரை எழுதிவிட்டு, மொத்தத்தையும் பெட்டி போட்டு, மூலைக்கு மூலை பெருக்கல் குறி இட்டு அடித்திருந்தார். கீழே மறுபடி தொடங்கியிருந்தார், இம்முறை உபதலைப்புகளோடு. காரணங்களில் இரண்டை நன்றாக விரித்து எழுதிவிட்டு விளைவுகளுக்கு வந்து, ‘திப்புவின் குடும்பத்தினர் கல்கத்’ என்று அந்தச் சொல்லின் நடுவிலேயே நின்றுவிட்டார். தாள் பிடுங்கப்பட்டிருக்க வேண்டும்.

அடித்த முதல் விடையில் காரணங்கள் அதிகம். அடிக்காத இரண்டாவது முடிவடையவில்லை. மாற்று எழுதியிருந்தால் அடித்ததை விடலாம் என்ற விதிப்படி, இந்தப் பாதி விடை மாற்று ஆகுமா? மாற்று எழுதிய காரணங்களுக்கு மட்டும் மாற்று, எழுதாத பகுதிக்கு முதல் விடை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா? எனக்கு ஒரு கருத்து இருந்தது. அந்தப் பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்று மனம் சொன்னது. அக்காவிடம் சொன்னேன். “எனக்கும் அப்படித்தான் இருக்கு தம்பி. அதனாலதான் ரெண்டையும் ஒரு எழுத்து விடாம அடிச்சுக் கொடுக்கணும்” என்றார்.

முதல் விடை முழுவதும் ஒரே `del`-க்குள் போனது. அதற்குள்ளே மாணவர் முன்பே தனித்தனியாக அடித்திருந்த சொற்கள் தனி `del`-களாக உள்ளே நின்றன. பெரிய பெருக்கல் குறிக்கு முன்னால் அவர் அவற்றை வேண்டாம் என்றிருந்தார், அந்த வேறுபாடும் காணாமல் போகக் கூடாது. அடித்த விதம் பெட்டியும் பெருக்கல் குறியும் என்று `rend` பண்பில் குறித்தோம், ஒரு சொல்லை அடிப்பதும் ஒரு முயற்சியையே கைவிடுவதும் வேறு என்பதால். ‘கல்கத்’ என்பதை அங்கேயே நிறுத்தினோம். ‘கல்கத்தாவுக்கு’ என்று விரல் முடிக்கத் துடித்தது. தலைப்புகளை மாணவர் போட்டபடியே, பெரிதாக்காமல், வரி உடைப்போடு கொடுத்தோம். இரண்டு முயற்சிக்கும் இடையில் எங்கள் சொல் எதையும் சேர்க்கவில்லை. ஐயப் பட்டியலில், இந்தக் கேள்விக்கு இரண்டு முயற்சிகள் உள்ளன, முதலாவது முழுதும் அடிக்கப்பட்டது, இரண்டாவது சொல்லின் நடுவில் நிற்கிறது என்ற ஒரு குறிப்பு. கூடவே பக்கப் படத்துக்கு இணைப்பு.

திரையில் காட்டும்போது ஒரு சிக்கல் இருந்தது. முக்கால் பக்கமும் கோடு விழுந்து தெரிந்தால் படிக்கவே முடியவில்லை; மதிப்பீட்டாளர் படிக்காமல் தாண்டிப் போய்விடக்கூடும். விதி அதைப் படிக்கச் சொன்னாலும் கண் தாண்டும். பெரிய பகுதியை அடித்திருந்தால் எழுத்தின் மேல் கோடு போடாமல், சுற்றிலும் பெட்டி வரைந்து ஓரத்தில் ‘மாணவர் அடித்தது’ என்று காட்ட வேண்டும் என்று அக்கா எழுதிக் கேட்டார். மாணவரும் பெட்டி போட்டுத்தானே அடித்திருந்தார். மென்பொருள் எழுதுகிறவர்கள் `rend` பண்பைப் பார்த்துக் காட்சியை மாற்றித் தந்தார்கள். ஒரு சொல் அடித்திருந்தால் கோடு, ஒரு பத்தி அடித்திருந்தால் பெட்டி. பெட்டிக்குள் இருப்பதை இப்போது சிரமமில்லாமல் படிக்கலாம்.